ஆன்கால் வாரத்துக்கு 3,000 ரூபாய் போதுமா?

கேள்வி: பெங்களூருவில் சப்போர்ட் இன்ஜினியராக இருக்கிறேன். சம்பளம் மாதம் 62,400. ஐந்து பேர் முறை வைத்து, வாரத்துக்கு ஒருவர் ஆன்கால் பார்க்கிறோம். கூப்பிட்டால் 15 நிமிடத்துக்குள் பதில் தர வேண்டும். எத்தனை கால் வந்தாலும் வாரத்துக்கு 3,000தான். எச்.ஆர். இப்போது புதிதாக விதிமுறை எழுதுகிறார்கள், எங்களையும் கேட்டிருக்கிறார்கள். என்ன கேட்பது?

பதில்: முதலில் அந்த 3,000-ஐ இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பது ஒன்று, நடுராத்திரி எழுந்து சர்வரைச் சரிசெய்வது வேறொன்று. இரண்டையும் ஒரே தொகையில் அடைத்தால், கால் வராத வாரமும் தூக்கம் போன வாரமும் ஒரே விலைக்குப் போய்விடும்.

வாரத்துக்கு 168 மணி. தினம் 9 மணி வீதம் ஐந்து நாள் ஆபீஸ் 45 மணி போனால், காத்திருக்கும் நேரம் 123 மணி. 3,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 24 ரூபாய் சொச்சம். இந்தக் கணக்கை எச்.ஆர். மேசையில் வையுங்கள், பேச்சு தானாக நகரும்.

நான் கேட்கச் சொல்வது இது: காத்திருப்புக்கு வாரநாள் இரவு ஒன்றுக்கு 500, சனி ஞாயிறு நாளொன்றுக்கு 1,200. வேலை செய்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், ஒரு காலுக்குக் குறைந்தது ஒரு மணி நேரக் கணக்கு. ஐந்து நிமிடத்தில் முடிகிற பொய் அலாரம் வந்தாலும் போன தூக்கம் திரும்ப ஒரு மணி ஆகிறதே, அதற்காகத்தான் இந்தக் குறைந்தபட்சம்.

ஒரு வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். செவ்வாய் இரவு 2.10-க்கு டிஸ்க் நிரம்பி 40 நிமிடம், வியாழன் பொய் அலாரம் 5 நிமிடம், சனி மதியம் இரண்டரை மணி, ஞாயிறு விடிகாலை 20 நிமிடம். குறைந்தபட்சத்தோடு சேர்த்தால் ஐந்தரை மணி. 26 நாள், 8 மணி என்று வகுத்தால் உங்கள் மணிச் சம்பளம் 300, இரட்டிப்பு 600. ஆக 3,300. காத்திருப்புக்கு 2,500-உம் 2,400-உம் சேர்ந்து 4,900. மொத்தம் 8,200.

இரட்டிப்பு நான் கண்டுபிடித்ததல்ல. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. சும்மா காத்திருக்கும் நேரத்துக்கு இவ்வளவு என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அதனால் விதிமுறையில் எழுத்தில் வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

அடுத்து அந்த 15 நிமிடம். எதற்குப் பதினைந்து? அலாரத்தைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ளவா, லேப்டாப்பைத் திறந்து உட்காரவா, பிரச்சினையைத் தீர்க்கவா? எழுதாவிட்டால் மேனேஜர் மூன்றாவதாகப் படிப்பார். ஒப்புக்கொள்ள 15, வேலையில் உட்கார 30, தீர்க்கும் நேரத்துக்கு வாக்குறுதி இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். முன்பு என் ஆன்கால் வாரம் ஒன்றில், அம்மாவுக்கு மாத்திரை வாங்க மாரத்தஹள்ளி மெடிக்கல் ஷாப்புக்குப் போனவன், ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப்பை விரித்து முக்கால் மணி நின்றேன். பதில் நேரம் குறையக் குறைய நம் நேரம் நம்முடையதாக இருப்பதில்லை. பெல்ஜியத்தில் 8 நிமிடத்தில் நிலையத்துக்கு வரவேண்டியிருந்த தீயணைப்பு வீரரின் வழக்கில், 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வீட்டில் காத்திருந்ததையும் வேலை நேரமாகவே எடுத்துக்கொண்டது. நம்மூரில் அது சட்டமல்ல, ஆனால் வாதம் நமக்கும் பொருந்தும். 15-ஐ 5 ஆக்க வேண்டுமென்றால் காத்திருப்புத் தொகையும் ஏற வேண்டும்.

முறைப் பட்டியலில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் என்பது தாளில்தான் ஐந்து. ஒருவர் வேலையை விட்டு, இன்னொருவர் பிரசவ விடுப்பில் போனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை உங்கள் முறை வரும். நான்கு பேருக்குக் கீழே போனால் காத்திருப்புத் தொகை ஒன்றரை மடங்கு என்று எழுதினால், ஆள் எடுக்க நிறுவனத்துக்கே அவசரம் வரும். தீபாவளி, பொங்கல் வாரங்களைத் தனியாகச் சுழற்றுங்கள். ஊருக்குப் போகும் ராத்திரி ரயிலில் நெட்வொர்க்கை நம்பி ஆன்கால் ஏற்காதீர்கள். இரவு 12-க்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக வேலை செய்தால் மறுநாள் மதியம்தான் வருவோம் என்பதும் இருக்கட்டும்.

இந்தத் தொகைக்கும் வருமான வரி உண்டு, சம்பளச் சீட்டில் தனி இனமாக வருகிறதா பாருங்கள். அலாரம் வந்த நேரம், ஒப்புக்கொண்ட நேரம், முடித்த நேரம் மூன்றையும் இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். அடுத்த இரண்டு மாதக் குறிப்போடு போனால் எச்.ஆர். உங்கள் எண்களை வைத்துப் பேசுவார்கள்.