பழைய லூயி விட்டான் பை: என்ன படம் எடுப்பது?

“2012 மாடல் லூயி விட்டான் எபி தோல் பை ஒன்று பார்த்தேன். ஒரிஜினலா என்று சோதிக்க எந்தப் படங்கள் அனுப்பணும்?”

முழுப் பையின் படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் தோலில் அழுத்திய LOUIS VUITTON முத்திரையை நேர் எதிரே இருந்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் வட்டமான O கூட முட்டையாகத் தெரியும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

அடுத்து உள்ளே இருக்கும் தேதிக் குறியீடு. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் அழுத்தம் தெரியும். CA1142 என்றிருந்தால், CA ஸ்பெயின் தொழிற்சாலை. 1, 3ஆம் இலக்கங்கள் 14ஆம் வாரம். 2, 4ஆம் இலக்கங்கள் 2012. முத்திரையில் MADE IN FRANCE என்றிருந்தால் அங்கேயே இடிக்கிறது. பொருந்தினாலும் போதாது, போலி செய்கிறவர்களும் சரியான குறியீட்டைப் போடுவார்கள்.

அதனால் கைப்பிடி சேரும் இடத்தின் தையலை இருபுறமும் எடுங்கள், நூலின் சாய்வும் இடைவெளியும் எண்ணத் தெரிகிற அளவுக்கு. அப்புறம் ஜிப் இழுப்பானின் முன்னும் பின்னும், அடிமூலைகள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நுணுக்கம் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பை இன்னும் விற்பவரிடம் இருந்தால், இன்றைய தேதி எழுதிய தாளோடு ஒரு படம் கேளுங்கள்.