இரட்டை நட்சத்திரக் கணக்கில் இரண்டு தூரங்கள்

"சார், நான் மார்த்தாண்டம் பக்கம், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இரண்டு நட்சத்திரங்கள் பொது நிறை மையத்தைச் சுற்றுகிற கணக்கில் ஈர்ப்பு விசையையும் மையநோக்கு விசையையும் சமப்படுத்தித்தான் போடுகிறேன், ஆனாலும் ω சரியாக வருவதில்லை. இரண்டுக்கும் ஒரே நிறை என்றால் என் விடை √2 மடங்கு குறைகிறது. ஆரம், கோணத் திசைவேகம், கோண உந்தம் மூன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது?"

√2 குறைகிறது என்று நீயே சொல்லிவிட்டதால் என் வேலை எளிது மக்ளே, உன் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மையநோக்கு விசையில் ஆரம் வர வேண்டிய இடத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையிலான தூரமான d-யைப் போட்டிருக்கிறாய். Gm²/d² = mω²d என்று எழுதினால் ω² = Gm/d³ வரும். உண்மையில் அந்த நட்சத்திரம் சுற்றுகிற வட்டத்தின் ஆரம் d/2தான், அதைப் போட்டால் ω² = 2Gm/d³. உன் √2 அங்கேதான் காணாமல் போயிருக்கிறது.

கணக்கில் சிக்கல் என்று பார்த்தால் இவ்வளவுதான், இரண்டு தூரங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் வேலை வேறு. ஈர்ப்பு விசைக்கு, எதிரில் இருக்கும் நட்சத்திரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும், அது d. மையநோக்கு விசைக்கு, தான் சுற்றுகிற வட்டம் எவ்வளவு பெரிது என்பதுதான் தெரிய வேண்டும், அது r₁ அல்லது r₂. பூமி சூரியனைச் சுற்றுகிற கணக்கில் சூரியன் அசையவில்லை என்றே வைத்துக்கொள்வதால் இந்த இரண்டு தூரமும் ஒன்றாகிவிடுகிறது, அந்தக் கணக்கையே நிறைய போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே கை தானாக d-யை எழுதிவிடும்.

முட்டம் கடற்கரையில் ஈர மணலில் அண்ணனும் தங்கையும் கை கோத்துத் தட்டாமாலை சுற்றிவிட்டுப் போன தடத்தைப் பார்த்தால் இது அப்படியே தெரியும். அண்ணனின் பெரிய பாதம் உள்ளே சின்ன வட்டமாகப் பதிந்திருக்கும், தங்கையின் சின்னப் பாதம் வெளியே பெரிய வட்டமாக ஓடியிருக்கும், இரண்டு வட்டத்துக்கும் மையம் ஒன்றே. ஒருவர் எவ்வளவு பலமாக இழுத்தாலும் அடுத்தவரும் அதே பலத்தோடு இழுக்கப்படுவார், ஆனால் சுற்றுகிற வட்டம் அவரவருக்குத் தனி.

சரி, ஒரு நிஜமான சோடியை எடுத்துப் போடுவோம். தை, மாசி இரவுகளில் நம் ஊரில் தெற்கே நல்ல உயரத்தில் பளிச்சென்று தெரிகிற சிரியஸ் ஒற்றை நட்சத்திரம் அல்ல. பெரியதன் நிறை ஏறக்குறைய 2 சூரிய நிறை, அதற்குத் துணையாக இருக்கும் வெண்குள்ளன் ஏறக்குறைய 1 சூரிய நிறை. வெண்குள்ளனை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. சராசரி இடைவெளி கிட்டத்தட்ட 20 வானியல் அலகு. பாதை உண்மையில் வட்டம் இல்லை, அதைக் கடைசியில் பார்க்கலாம், இப்போதைக்கு வட்டம் என்றே வைத்துக்கொள்.

முதலில் ஆரம். நிறை மையத்திலிருந்து பார்த்தால் m₁r₁ = m₂r₂, அப்புறம் r₁ + r₂ = d. இந்த இரண்டையும் சேர்த்தால்:

```
r1 = m2 d / (m1 + m2)
r2 = m1 d / (m1 + m2)
```

மேலே அடுத்த நட்சத்திரத்தின் நிறை வருகிறது என்பதைக் கவனி. அதை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், கனமானதற்குச் சின்ன வட்டம் வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். நம் சோடியில் r₁ = 20/3 = 6.67, r₂ = 13.33 வானியல் அலகு. கூட்டினால் 20 வருகிறது.

இந்த r₁ தாளில் மட்டும் இருக்கிற எண் அல்ல. சிரியஸ் வானத்தில் நேராக நகராமல் லேசாக நெளிந்து நெளிந்து நகர்கிறது என்பதை வைத்து, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்க வேண்டும் என்று 1844-இல் வானியலாளர் பெசல் சொன்னார். அந்தத் துணையை ஆல்வன் கிரகாம் கிளார்க் தொலைநோக்கியில் பார்த்தது 1862-இல். பெரிய நட்சத்திரமும் ஒரு வட்டம் அடிக்கிறது என்பதை மறந்தால் நீ கணக்கில் இழப்பது அந்த நெளிவைத்தான்.

அடுத்து ω. இரண்டு நட்சத்திரங்களுக்கும் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நிறை மையம் எப்போதும் இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேலேயே இருக்கும், ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் அந்தக் கோடு மையத்தை விட்டு விலகிவிடும். முதல் நட்சத்திரத்துக்கு எழுதினால் Gm₁m₂/d² = m₁ω²r₁. இரண்டு பக்கமும் m₁ அடிபட்டுப் போகும், r₁-க்கு மேலே உள்ள மதிப்பைப் போட்டால் m₂-ம் அடிபட்டு இது மிஞ்சும்:

```
ω² = G (m1 + m2) / d³
```

இரண்டாவது நட்சத்திரத்தில் தொடங்கினாலும் இதேதான் வரும், போட்டுப் பார். உன் விடை சரியா என்று பார்க்க நான் சொல்லக்கூடிய ஒரே சோதனையும் இதுதான்: இரண்டு நட்சத்திரத்துக்கும் தனித்தனியாக ω கண்டுபிடி, ஒத்து வரவில்லை என்றால் எங்கோ தூரம் மாறியிருக்கிறது. நம் சோடியில் நீ செய்தது போல இரண்டு இடத்திலும் d போட்டால் பெரிய நட்சத்திரம் ஒரு சுற்றுக்கு 89 ஆண்டும் சின்னது 63 ஆண்டும் எடுப்பதாக வரும். இரண்டு இடத்திலும் அவரவர் ஆரத்தைப் போடுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு 17-ம் 34-ம் வரும். கை கோத்துச் சுற்றுகிற இருவர் வெவ்வேறு நேரத்தில் ஒரு சுற்று முடிக்க முடியாது. ஆனால் நீ எடுத்த சம நிறைக் கணக்கில் இந்தச் சோதனை உதவாது, தப்பாகப் போட்டாலும் இரண்டுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். அதனால் பழகும்போது சம நிறை எடுக்காதே.

எண் போடுவோம். d = 20 × 1.496 × 10¹¹ = 2.992 × 10¹² மீ. மொத்த நிறை 3 × 1.989 × 10³⁰ = 5.967 × 10³⁰ கிகி. G(m₁+m₂) = 3.982 × 10²⁰, d³ = 2.679 × 10³⁷, வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ω ≈ 3.86 × 10⁻⁹ ரேடியன்/வினாடி. சுற்றுக் காலம் 2π/ω ≈ 1.63 × 10⁹ வினாடி, அதாவது சுமார் 51.6 ஆண்டு. உண்மையான சிரியஸ் சோடிக்கு அது சுமார் 50 ஆண்டு, நாம் எண்களை முழுதாக்கிக்கொண்டதுதான் அந்த வித்தியாசம். பத்தின் அடுக்குகளில் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: நிறையைச் சூரிய நிறையிலும் தூரத்தை வானியல் அலகிலும் போட்டால் T² = d³/(m₁+m₂) ஆண்டில் வரும். 8000/3-க்கு வர்க்கமூலம் 51.6, முடிந்தது.

கோண உந்தத்தை நிறை மையத்தைப் பொறுத்து எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் mr²ω, இரண்டும் ஒரே பக்கம் சுற்றுவதால் கூட்ட வேண்டும். L₁ = m₁r₁²ω ≈ 1.53 × 10⁴⁶, L₂ = m₂r₂²ω ≈ 3.05 × 10⁴⁶, கூட்டினால் சுமார் 4.58 × 10⁴⁶ கிகி மீ²/வி. ஒரே சூத்திரமாக வேண்டும் என்றால்:

```
L = [m1 m2 / (m1 + m2)] d² ω
```

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம், பாதி நிறையுள்ள சின்ன நட்சத்திரத்திடம் இரண்டு மடங்கு கோண உந்தம் இருக்கிறது. கனமானதற்குத்தான் அதிகம் என்று யோசிக்காமல் டிக் அடிக்கிறவர்கள் நிறைய. mr²ω-வை (mr)(rω) என்று பிரித்துப் பார். mr இரண்டுக்கும் சமம், ω-வும் சமம், அப்படியானால் மிச்சம் இருக்கிற r-தான் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறது. பெரிய வட்டம் யாருடையதோ அவருக்கே பெரிய பங்கு. 2010 ஐஐடி நுழைவுத் தேர்வில் 2.2, 11 சூரிய நிறையுள்ள ஒரு சோடியைக் கொடுத்து, மொத்தக் கோண உந்தம் கனமான நட்சத்திரத்தினுடையதைப் போல எத்தனை மடங்கு என்று கேட்டார்கள். தூரத்துக்கு எண் தரவில்லை, காலமும் தரவில்லை, தேவையும் இல்லை. கனமானதன் பங்கு 2.2/13.2, அதனால் விடை 6.

மொத்தத்தையும் சேர்த்து (m₁+m₂)d²ω என்று எழுதுகிறவர்களுக்கு நம் சோடியில் 4.5 மடங்கு அதிகமாக வரும். அதுவும் அதே பழைய கோளாறுதான், எந்த நட்சத்திரமும் d ஆரத்தில் சுற்றவில்லை.

கடைசியில் பார்க்கலாம் என்று சொன்ன நீள்வட்டம். சிரியஸ் சோடியின் மையப்பிறழ்வு 0.59, அதனால் இடைவெளி சுமார் 8-இலிருந்து 31 வானியல் அலகு வரை மாறிக்கொண்டே இருக்கும். எந்த நேரத்திலும் இரண்டு ஆரமும் 1:2 என்ற விகிதத்திலேயே இருக்கும், அது மாறாது. ω மட்டும் படாதபாடு படும், அருகில் வரும்போது தொலைவில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட 15 மடங்கு. d இடத்தில் நீள்வட்டத்தின் அரை நெட்டச்சைப் போட்டால் மேலே உள்ள ω சூத்திரம் சராசரியைத் தரும், சுற்றுக் காலமும் சரியாகவே வரும். கோண உந்தம் ஒரு சுற்று முழுக்க மாறாது, ஆனால் அதன் மதிப்பு வட்டத்துக்குக் கண்டுபிடித்ததை √(1−e²)-ஆல் பெருக்கினால் கிடைப்பது, இங்கே 0.81. உன் பாடத்தில் "வட்டப் பாதை" என்று கணக்கிலேயே சொல்லிவிடுவார்கள், அந்த வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு d-யைத் தொடு.