வெளிநாடு போகுமுன் வரித் தீர்வுக் கடிதம்

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரே தோட்டத்தில் 22 ஆண்டுகளாகக் கிராணியாக வேலை செய்கிறேன், வயது 57. செப்டம்பர் 30-இல் ஓய்வு பெற்று, அக்டோபர் கடைசியில் மகளோடு ஆஸ்திரேலியாவில் குடியேறப் போகிறேன். வரித் தீர்வுக் கடிதம் வந்தால்தான் கடைசிச் சம்பளமும் பணிக்கொடையும் தர முடியும் என்கிறது ஆபீஸ். நானே போய் அதை வாங்கலாமா? வீட்டை விற்கவும் அதுவே போதுமா?

பதில்: ஐயா, இந்தக் கடிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் உங்கள் முதலாளிதான். மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போகும் ஊழியருக்காக, புறப்படும் நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே, CP21 படிவத்தைத் தோட்ட நிர்வாகம் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். MyTax தளத்தில் e-SPC வழியாகவும் அனுப்பலாம். பணத்தைப் பிடித்து வைப்பதும் சட்டப்படியே. பிடிக்காமல் கொடுத்துவிட்டால், உங்கள் வரிப் பாக்கி நிர்வாகத்தின் தலையில் விழும். கடிதம் கிடைக்கும் வரை, அல்லது வாரியம் படிவத்தைப் பெற்ற நாளிலிருந்து 90 நாள் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பணம் அங்கேயே இருக்கும். ஆகஸ்ட் 25-இல் படிவம் போய்ச் சேர்ந்தால், கெடு நவம்பர் 23-இல் முடியும். அப்போது நீங்கள் ஆஸ்திரேலியாவில் இருப்பீர்கள் என்பதால், இங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.

சம்பளம் 4,100 ரிங்கிட், பணிக்கொடை 26,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 55 வயதைக் கடந்து, ஒரே முதலாளியிடம் பத்தாண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெறுவதால் உங்கள் பணிக்கொடைக்கு வரியில்லை. ஆனாலும் 30,100 ரிங்கிட்டும் பிடித்து வைக்கப்படும். மாதாந்திர வரிப்பிடித்தம் போக 380 ரிங்கிட் பாக்கி என்று கடிதம் சொன்னால், நிர்வாகம் அதைக் கட்டிவிட்டு 29,720 ரிங்கிட்டை உங்களிடம் தரும். பணிக்கொடையைச் சம்பளத்தோடு சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும் என்பதால், படிவம் அனுப்பப்படும் முன்பே அதன் நகலைக் கேட்டுப் பாருங்கள்.

தாமதத்துக்குப் பல வேளைகளில் காரணம் நம் பக்கமே இருக்கும்: சமர்ப்பிக்காமல் விட்ட பழைய e-BE, கட்டாத பாக்கி, ஆபீஸ் தயாரிக்காத இவ்வாண்டு EA படிவம். முதல் இரண்டையும் MyTax-இல் இப்போதே பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு CP21 அனுப்பியதற்கான ஒப்புகையை ஆபீஸில் வாங்கி, அதிலுள்ள தேதியையும் உங்கள் வரி எண்ணையும் கொண்டு, உங்கள் கோப்பு இருக்கும் கிளையிலேயே விசாரியுங்கள். வேறு கிளையில் நிற்பது வீண் அலைச்சல். என்ன ஆவணம் குறைகிறது என்று குறிப்பாகக் கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். வரிப் பாக்கி இருந்தால் பயணத் தடையும் விதிக்கப்படலாம். டிக்கெட் எடுக்கும் முன் குடிநுழைவுத் துறையின் SSPI தளத்தில் உங்கள் நிலையைப் பாருங்கள்.

வீட்டுக்கு இந்தக் கடிதம் செல்லாது. அது நில ஆதாய வரியின் கீழ் வருவதால், விற்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் CKHT 1A படிவம் தனியே போக வேண்டும். குடிமக்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் வீட்டுக்கு வரி விகிதம் பூஜ்யம் என்றாலும் படிவத்தைத் தவிர்க்க முடியாது. வாங்குபவர் பொதுவாக விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வாரியத்துக்குக் கட்டுவார். உங்கள் விற்பனையில் அது தேவையா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். கட்டியபின் வெளிநாட்டிலிருந்து திரும்பப் பெறுவது சிரமம்.