எதைச் சொல்வது, எதை மறைப்பது?

கேள்வி: "குறும்படத்துக்காக ஒரு கொள்ளைக் கதை எழுதியிருக்கிறேன். திட்டத்தை முழுக்கச் சொன்னால், கொள்ளை நடக்கும்போது போரடிக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். மறைத்துவைத்துக் கடைசியில் சொன்னால், ஏமாற்றிவிட்டாய் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

பதில்: தடைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். அவற்றைத் தாண்டும் வழியில் மட்டும் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூல்ஸ் டாசினின் 'ரிஃபிஃபி' (1955) படத்தில் கொள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகிறது. வசனமும் இல்லை, இசையும் இல்லை. ஆனாலும் மூச்சு முட்டுகிறது. காரணம், முன்பே வந்த ஒரு காட்சி. கொள்ளையடிக்கப்போகும் நகைக்கடையில் இருப்பதைப் போன்ற அலாரத்தை வாங்கிவந்து சோதிக்கிறார்கள். லேசான அதிர்வுக்கே அது அலறுவதை நாமும் கேட்கிறோம். அதனால், மேல்தளத்தைத் துளைக்கும்போது விழும் ஒவ்வொரு காரைத் துண்டும் நமக்கு ஆபத்தாகத் தெரிகிறது. துளை வழியாக ஒரு குடையை இறக்கி, விரித்து, உதிர்வதை அதில் பிடிக்கிறார்கள். தடை நமக்குப் பாடமாகியிருந்ததால்தான் அந்தக் குடை அவ்வளவு இனிக்கிறது.

உங்கள் முதல் வடிவம் சலித்ததற்குக் காரணம், சொன்னதே அப்படியே நடந்ததுதான். முழுத் திட்டத்தையும் சொல்லிவிட்டால் அதில் ஏதாவது ஒன்று பிசகியே ஆகவேண்டும்.

இரண்டாவது வடிவத்தில், தந்திரம் கடைசியில் புதிதாக வந்து குதித்திருக்கும் என்று நினைக்கிறேன். 'ஓஷன்ஸ் லெவன்' (2001) இதைச் சரியாகச் செய்த படம். பெட்டக அறையின் நகலைக் கட்டப்போவதைத் திட்டமிடும்போதே சொல்லிவிடுகிறார்கள். ஒத்திகைக்காக இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பிறகு சூதாட்டவிடுதி முதலாளி கண்காணிப்புத் திரையில் தன் பெட்டகம் கொள்ளைபோவதைப் பார்க்கிறார். உண்மையில் அவர் பார்த்தது அந்த நகலுக்குள் முன்பே எடுத்த படம். அசல் தரையில் புதிதாகப் பதித்த விடுதிப் பெயர், திரையில் தெரியும் தரையில் இல்லை. அதில்தான் அவருக்கே பிடிபடுகிறது. நகல் நம் கண்முன்னேதான் இருந்தது, அதன் பயனைத்தான் நாம் தவறாகக் கணித்தோம். அதனால் தோற்றதிலும் நமக்கு மகிழ்ச்சி.

ஆகவே உங்கள் தந்திரத்துக்கு வேண்டிய பொருளை முதல் பாதியிலேயே காட்டுங்கள், அங்கே அதற்கு நம்பும்படியான வேறொரு வேலையும் இருக்கட்டும். பெரும்பாலோர் சறுக்குவது இன்னோர் இடத்தில். எல்லாம் திட்டப்படியே நடக்கிறது என்று தெரிந்த ஒருவன், தனியாக இருக்கும்போது பதறுவதாகக் காட்டிவிடுவார்கள். எதிரி பார்க்கும் இடத்தில் அவன் பதறினால் அது நடிப்பு. யாருமே இல்லாத அறையில் பதறினால் அவன் ஏமாற்றுவது பார்வையாளரை மட்டும்தான், உங்கள் நண்பர்கள் கோபப்பட்டது இதற்காகவும் இருக்கலாம். முடிவு தெரிந்த பிறகு, அவன் தனித்து வரும் காட்சிகளை மட்டும் எடுத்து மறுபடி படியுங்கள். பொருந்தாதவற்றில் அவன் பக்கத்தில் எதிரியின் ஆள் ஒருவனை நிறுத்துங்கள், இல்லையென்றால் காட்சியையே வெட்டிவிடுங்கள்.