வயதான ஆண் நாய் படுத்த இடத்தில் ரத்தத் துளிகள்: எதைக் கவனிப்பது?

"எங்கள் நாய்க்கு 9 வயது, எடை 32 கிலோ, கருத்தடை செய்யவில்லை. ஒரு மாதமாக அது படுத்து எழுந்த இடத்தில் இரண்டு மூன்று ரத்தத் துளிகள் தெரிகின்றன. சிறுநீர் வழக்கமான நிறத்தில்தான் இருக்கிறது. மலம் கழிக்க நெடுநேரம் முக்குகிறது. நேற்றுக் குளிப்பாட்டும்போது, ஒரு விதை பெரிதாகவும் மற்றது சிறுத்தும் இருப்பதைக் கண்டேன். நன்றாகச் சாப்பிடுகிறது. வயதானதால் வருவது என்று விட்டுவிடலாமா?"

விட்டுவிட வேண்டாம். இன்றிரவே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலையும் இல்லை. இந்த வாரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றுள் ரத்தமும் முக்கலும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தைச் சுட்டுகின்றன. எனக்கு அவற்றைவிட அதிகக் கவலை தருவது அந்தச் சிறுத்துப்போன விதைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்துக்கு அருகே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே மலக்குடல் செல்கிறது. விதைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் இச்சுரப்பி ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போவதால், கருத்தடை செய்யாத நாய்களில் 9 வயதுக்குள் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் இந்த வீக்கம் வந்துவிடுகிறது. மனிதருக்கு இச்சுரப்பி பெருக்கும்போது சிறுநீர்க்குழாயை நெரிப்பதால் சிறுநீர் கழிப்பதுதான் முதலில் சிரமமாகும். நாய்க்கோ சுரப்பி பெரும்பாலும் வெளிப்புறமாகப் பெருத்து மலக்குடலை அழுத்துவதால், தொல்லை முதலில் மலத்தில் தெரிகிறது. மலம் நாடாவைப் போலத் தட்டையாக வருகிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவருக்கு வந்த புராஸ்டேட் நோயை அளவுகோலாக வைத்துக்கொண்டு, "சிறுநீர் தடையில்லாமல் போகிறதே, அதுவாக இருக்காது" என்று பலர் இருந்துவிடுவது இதனால்தான்.

பெருத்த சுரப்பியில் ரத்த நாளங்கள் மிகுந்து, சிறு சிறு நீர்க்கட்டிகளும் உண்டாகின்றன. அங்கிருந்து கசியும் ரத்தம் சிறுநீர்க்குழாய் வழியே தானாகவே இறங்கி, நாய் படுத்திருக்கும்போது ஆண்குறியின் உறையிலிருந்து சொட்டுகிறது. சிறுநீர் தெளிவாக இருந்தும் தரையில் துளிகள் தெரிவதற்கு இதுவே காரணம். மாறாக, நாய் அடிக்கடி காலைத் தூக்கி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்த சிறுநீர் கழித்தால், சிறுநீர்ப்பையில் கல்லோ தொற்றோ இருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மருத்துவரிடம் போகும் முன் துளிகளையும் மலத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஏற்றியதும் துளி நின்றுவிடுவது வாடிக்கை.

மருத்துவர் கையுறை அணிந்த விரலை மலக்குடலுக்குள் விட்டுச் சுரப்பியைத் தடவிப் பார்ப்பார். அது இருபுறமும் சமமாக, வலியின்றிப் பெருத்திருந்தால் வயதோடு வரும் சாதாரண வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒருபுறம் மட்டும் புடைத்திருந்தாலோ, கல்லைப் போல் இறுகியிருந்தாலோ, தொட்டதும் நாய் துடித்தாலோ தொற்று, சீழ்க்கட்டி, புற்றுநோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் இதைத் தெளிவாக்கும். உங்கள் நாயை இனப்பெருக்கத்துக்கு விட்டிருந்தால் புரூசெல்லா கிருமிக்கான ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்; அது விதையையும் புராஸ்டேட்டையும் தாக்குவதோடு மனிதருக்கும் தொற்றக்கூடியது. எனவே முடிவு தெரியும்வரை துளிகளைக் கையுறையுடன் துடைப்பது நல்லது.

இனி அந்த விதைக்கு வருவோம். வயதான நாய்களின் விதையில் வரும் கட்டிகளில் மூன்று வகைகள் பரவலானவை. அவற்றுள் செர்டோலி செல் கட்டி எனப்படுவது பல நேரங்களில் ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோனின் அடக்குதலால் எதிர்ப்பக்க விதை சுருங்கிப்போகிறது. ஒன்று பெருத்ததோடு மற்றது சிறுத்ததையும் நீங்கள் குறிப்பிட்டதை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். நாயின் முலைக்காம்புகள் தடித்திருக்கின்றனவா, அரிப்பே இல்லாமல் விலாவின் இருபுறமும் முடி உதிர்கிறதா, ஆண்குறி உறை தளர்ந்து தொங்குகிறதா, பிற ஆண் நாய்கள் அதைப் பெண் நாயாக எண்ணி நெருங்குகின்றனவா என்று பாருங்கள். ஈஸ்ட்ரோஜென் மிகுந்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, ரத்தச் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் குறையும். ஈறு வெளுத்திருப்பதும், வயிற்றுத் தோலில் காரணமின்றிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதும் அதன் அடையாளங்கள். அவை தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்த ஹார்மோன் புராஸ்டேட்டின் உட்படலத்தையும் மாற்றி, அதில் தொற்றும் சீழ்க்கட்டியும் எளிதில் வரச் செய்யும்.

என்னிடம் வந்த 10 வயது நாய் ஒன்றுக்கு இரண்டு மாதங்களாகத் தோல் நோய்க்கு மருந்து கொடுத்து வந்தார்கள். விலாவில் முடி கொட்டியிருந்தது; சொறிதல் அறவே இல்லை. விதைப்பையைத் தொட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு விதைதான் இருந்தது, அதுவும் சுருங்கியிருந்தது. குட்டியிலேயே இறங்காமல் வயிற்றுக்குள் தங்கிவிட்ட மற்றொன்று கட்டியாக வளர்ந்திருந்ததை ஸ்கேன் காட்டியது. இறங்காத விதையில் கட்டி வரும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம் என்பதால், நாயை வளர்ப்பவர் இரண்டு விதைகளையும் எண்ணி அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் நாயின் விதையில் கட்டி உறுதியானால் மருந்தால் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு விதைகளையும் அகற்றுவதே சரி. அறுவைக்கு முன் முழு ரத்த அணு எண்ணிக்கையும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்கப்பட வேண்டும். அகற்றிய விதைகளைத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 9 வயது என்பது மட்டுமே மயக்க மருந்துக்குத் தடையாகாது. வெறும் புராஸ்டேட் வீக்கமாக இருந்தாலும் இந்த அறுவையே நிலையான தீர்வு. சுரப்பி சுமார் மூன்று வாரங்களில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும், ரத்தக் கசிவும் சில வாரங்களில் நிற்கும்.

மயக்க மருந்தைத் தாங்காத நாய்களுக்கும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் நாய்களுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை உண்டு. நிறுத்தினால் வீக்கம் திரும்பும். கர்ப்பிணிகள் அந்த மாத்திரையின் உடைந்த துண்டைத் தொடக் கூடாது. தாத்தாவின் புராஸ்டேட் மாத்திரையை எடுத்துக் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். மனிதருக்குச் சிறுநீர்ப்பாதையைத் தளர்த்தித் தருபவை நாயின் சுரப்பியைச் சுருக்குவதில்லை, ரத்த அழுத்தத்தைத்தான் குறைக்கும்.

இடையில் காய்ச்சலோ, வாந்தியோ, உணவை மறுப்பதோ, முதுகை வளைத்துக்கொண்டு பின்னங்கால்கள் விறைக்க நடப்பதோ தெரிந்தால் அது தொற்றாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். புராஸ்டேட்டுக்குள் எல்லா ஆன்டிபயாடிக்கும் நுழைவதில்லை என்பதால், அதற்கான மருந்தைத் தேர்ந்து நான்கு வாரங்களாவது கொடுக்க வேண்டியிருக்கும். தொடர்ந்து முக்குவதால் ஆசனவாயின் பக்கத்தில் குடலிறக்க வீக்கம் வரலாம். அதனுள் சிறுநீர்ப்பை மாட்டிக்கொண்டு சிறுநீர் நின்றுபோனால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் அறுவை தடுக்காது: புராஸ்டேட் புற்றுநோய். ஆகவே அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பழைய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்குள் சுருங்காமல் அப்படியே இருக்கும் சுரப்பியிலிருந்து ஊசி மூலம் செல் எடுத்துச் சோதிக்க வேண்டும்.