செவ்வாயில் g: கணக்கில் விட்டுப்போன வர்க்கம்

"செவ்வாயின் நிறை பூமியின் நிறையைப் போல் 0.107 மடங்கு; ஆரம் 0.532 மடங்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து 9.8-ஆல் பெருக்கினால் 1.97 வருகிறது. புத்தகத்தில் 3.7 என்று இருக்கிறது. எங்கே தவறு?"

ஆரத்தை வர்க்கப்படுத்தாமல் வகுத்திருக்கிறீர்கள். மற்றபடி வழி சரிதான். ஈர்ப்பு முடுக்கம் g = GM/R². இதைச் செவ்வாய்க்கும் பூமிக்கும் தனித்தனியே எழுதி ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் G அடிபட்டுப் போகும். மிஞ்சுவது நிறை விகிதமும் ஆர விகிதத்தின் வர்க்கமும்தான். கிலோகிராமும் மீட்டரும் தேவையே இல்லை.

```
0.532² = 0.283
0.107 / 0.283 = 0.378
0.378 × 9.8 = 3.70
```

விகிதம் ஒன்றுக்கும் குறைவு என்பதால் வர்க்கப்படுத்தும்போது எண் இன்னும் சிறிதாகிறது. சிறிய எண்ணால் வகுப்பதால் விடை பெரிதாகிறது. சிறிய கோளில் நிற்பவர் அதன் மையத்துக்கு அருகில் நிற்கிறார். நிறை குறைந்ததால் இழந்ததில் ஒரு பகுதி இதனால் திரும்பக் கிடைக்கிறது. புதன் இதற்கு நல்ல சாட்சி. அதன் நிறை 0.055 மடங்கு, செவ்வாயில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் ஆரம் 0.383 மடங்கு என்பதால் அங்கும் g 3.7-தான்.

புத்தகத்தைப் புரட்டாமலே 1.97 தவறு என்று கண்டுபிடித்திருக்கலாம். g விகிதத்தை ஆர விகிதத்தால் வகுத்தால் அடர்த்தி விகிதம் கிடைக்கும். உங்கள் கணக்கில் g விகிதம் 0.107 / 0.532 = 0.201; அதை மீண்டும் 0.532-ஆல் வகுத்தால் 0.378. பூமியின் சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 5.5 கிராம், அப்படியானால் செவ்வாய்க்கு 2.1 வரும். சாதாரணக் கருங்கல்லே 2.7 இருக்கும்போது, பாறையாலும் இரும்பாலும் ஆன கோளுக்கு இது பொருந்தாது. சரியான g விகிதமும் தற்செயலாக அதே 0.378-தான்; அதை 0.532-ஆல் வகுத்தால் அடர்த்தி விகிதம் 0.71, அதாவது 3.9 கிராம். இது நம்பும்படி இருக்கிறது. நான் எந்தக் கோளுக்குக் கணக்குப் போட்டாலும் கடைசியில் இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் விடுவதில்லை.

ஆரத்தை அவசரப்பட்டு முழுமையாக்காதீர்கள். 0.532-ஐ 0.5 என்று எடுத்தால் ஆரத்தில் 6 சதவீதம்தான் குறைகிறது. வர்க்கத்தால் அது இரட்டித்து, g 4.2 ஆக ஏறிவிடுகிறது. நிறையில் அதே 6 சதவீதப் பிழை நேர்ந்தால் விடையிலும் 6 சதவீதம்தான் மாறும்.

இதே கணக்கைச் சனிக்குப் போட்டால் இன்னொரு குழப்பம் வரும். நிறை 95.2 மடங்கு. வேகமாகச் சுழல்வதால் நடுவில் பிதுங்கிய கோள் அது. நடுக்கோட்டு ஆரமான 9.45 மடங்கை எடுத்தால் g சுமார் 10.4, சராசரி ஆரமான 9.14 மடங்கை எடுத்தால் 11.2. ஆகவே சனியின் g இரண்டு அட்டவணைகளில் வேறுபட்டால், எந்த ஆரத்தை எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள்.