போட்டோ எடிட்டிங்கில் பொட்டு, பிச்சிப்பூ, ஜிமிக்கி: ஒட்டினது தெரியாமல் படத்தில் வைக்க

கேள்வி (மார்த்தாண்டம்): அக்கா, குங்குமப் பொட்டு Multiply-ல நல்லா உட்காருது. சந்தனக்குறி மட்டும் காணாமப் போகுது. Opacity கூட்டினா போதுமா?

100 வைத்தாலும் வராது. Multiply கீழே இருப்பதைக் கருக்க மட்டுமே செய்யும். சந்தனமோ தோலைவிட வெளிறியது. அதை Normal-ல் 85 அளவில் வையுங்கள். 100% ஜூமில் புருவ முடியையும் குறியின் ஓரத்தையும் ஒப்பிடுங்கள். ஓரம் கூர்மையாக நின்றால் Gaussian Blur அரை பிக்சலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

கேள்வி (செங்கோட்டை): பாட்டி தலை சாய்ச்சிருக்காங்க. கண் கோட்டுக்கு ஏத்தபடி பொட்டு, தோடு, ஜிமிக்கி எல்லாத்தையும் 12 டிகிரி திருப்பிட்டேன். ஜிமிக்கி மட்டும் ஒட்டின மாதிரி இருக்கு. நிழல் போடாததாலயா?

நிழலும் வேண்டும், ஆனால் கோளாறு அங்கே இல்லை. பொட்டும் தோடும் தலையோடு திரும்பும், நீங்கள் செய்தது சரி. ஜிமிக்கி தொங்கும் பொருள். தலை எப்படிச் சாய்ந்தாலும் அது தரையைப் பார்த்தே தொங்கும். கொக்கியில் வெட்டி இரண்டு லேயராக்குங்கள்: தோடு 12 டிகிரியிலேயே இருக்கட்டும், ஜிமிக்கியைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். கேமராவே சாய்ந்திருந்தால் பின்னால் உள்ள கதவு நிலைதான் உங்கள் தூக்குக்குண்டு.

இனி நிழல். பாட்டி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் வலது ஜிமிக்கி கழுத்தை விட்டு விலகித் தொங்கும். அதன் நிழல் தள்ளி, மங்கலாக விழும். இடது ஜிமிக்கி தாடையில் சாய்ந்து நிற்கும். அங்கே ஒட்டினாற்போல மெல்லிய, கருத்த கோடு வேண்டும். இரண்டுக்கும் ஒரே Drop Shadow போட்டால் அதுவே காட்டிக் கொடுக்கும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): நெட்ல எடுத்த மல்லிகைச் சரம் பளீர்னு தெரியுது. Brightness குறைச்சா அழுக்காயிடுது.

வெளிச்சத்தின் நிறம் பூவில் ஏறவில்லை, அதனால்தான் சாம்பல் பூக்கிறது. படத்திலேயே இருக்கும் ஒரு வெள்ளையை, வேட்டியோ கண்வெள்ளையோ, அளந்து பாருங்கள். பூ லேயருக்கு மட்டும் Curves மாட்டி, மேல் முனையை அந்த அளவுக்கு, 215 போல, இறக்குங்கள். குண்டு பல்பு வெளிச்சமென்றால் Blue-வை இன்னும் இறக்க வேண்டும். பிறகு சரத்தின் முனை: மாஸ்க்கில் 2 பிக்சல் பிரஷ்ஷால் நாலைந்து முடி இழைகளைப் பூவின் மேல் வரவழைத்து, முனையை முடிக்குள் செருகுங்கள்.

முடிந்தால் ஒரு முழம் பூ வாங்கி, அதே பக்க வெளிச்சத்தில் நீங்களே படமெடுங்கள். தோவாளைப் பக்கத்து வாடிக்கையாளருக்குப் பிச்சி என்றால் பிச்சியே வேண்டும். அதன் மொட்டில் இளஞ்சிவப்பு ஓடும், மல்லிகையில் அது கிடையாது.

கேள்வி (களியக்காவிளை): எங்க அம்மச்சியோட கருப்பு வெள்ளை படத்துக்கும் 85-ஆ?

அது சந்தனத்துக்குச் சொன்னது. பழைய ஆர்த்தோ பிலிம் சிவப்பை உணராது. குங்குமம் கிட்டத்தட்ட கருப்பாகவே விழும். உதடும் கருத்திருந்தால் பொட்டையும் அப்படியே வையுங்கள். வெற்றிலை போடுகிறவர் என்றால் உதட்டை நம்ப முடியாது. அதே காலத்து வேறு படத்தில் அவர் பொட்டோடு இருக்கிறாரா?

களியக்காவிளை: ஒண்ணு இருக்கு, கல்யாணப் படம். தேடிப் பாக்கணும்.